மரண அறிவித்தலில் உறவுமுறை, திகதி, பெயர் பிழைத்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிவந்த அறிவித்தலில் ஒரு பிழை கண்ணில் பட்டது. இப்போதே சொல்லட்டுமா, கொஞ்சம் பொறுக்கட்டுமா?

என்ன பிழை என்பதைப் பொறுத்தது. இரண்டு வகைப் பிழைகளை அன்றைக்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, இறுதி நிகழ்வின் நாள், நேரம், இடம். அது தவறியிருந்தால் ஆட்கள் வேறு இடத்தில் போய் நிற்பார்கள், அல்லது எல்லாம் முடிந்த பிறகு வந்து சேருவார்கள். மற்றது, உயிரோடு இருக்கும் ஒருவரைக் காலஞ்சென்றவராகக் காட்டியிருப்பது. நேரம் ஆக ஆக அவரது காதுக்கே அது போய்ச் சேரும்.

மற்ற எல்லாம் காத்திருக்கலாம். பிறந்த ஆண்டு, ஒரு பேரப்பிள்ளையின் பெயரில் எழுத்துப்பிழை, மைத்துனரைச் சகலன் என்று போட்டது, இவையெல்லாம் இறுதி நிகழ்வு முடிந்து ஓரிரு நாள் கழித்துச் சொன்னாலும் திருத்த முடியும். உடல் வீட்டில் இருக்கும்போது எழுத்துப்பிழை பேசினால், நீங்கள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது குறைகூறலாகத்தான் கேட்கும்.

என் அக்காவின் பெயரையே விட்டுவிட்டார்கள். இதுவும் பிழைதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அறிவித்தலில் இல்லாத பெயரைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் ஒரு முறை நின்று யோசியுங்கள். எழுதும்போது மறந்து போனதும் உண்டு, பேசி முடிவெடுத்து விட்டதும் உண்டு. பிரிந்து போன துணை, பேச்சு வார்த்தை இல்லாத மகன், முதல் மணத்தின் பிள்ளைகள், இவர்களுடைய பெயர்கள் இல்லாதபோது பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. அதேபோல, வளர்த்த பிள்ளையை வெறுமனே ‘மகன்’ என்று போட்டிருந்தால் அது குடும்பத்தின் விருப்பம். பெற்ற பிள்ளை இல்லையே என்று திருத்தப் போவது பெரிய காயம்.

எது எது என்று ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். பெயர்ப் பட்டியலில் ஒரே கிளையைச் சேர்ந்த எல்லோரும் இருந்து நடுவில் ஒருவர் மட்டும் விடுபட்டிருந்தால், அதுவும் அவருடைய கணவர் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருந்து அவர் மட்டும் இல்லை என்றால், அது கைத்தவறு. ஒரு கிளையே, துணையும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து இல்லை என்றால் அது பெரும்பாலும் முடிவு. முடிவு என்று தோன்றினால் திருத்தம் கேட்காதீர்கள். தெரியவில்லை என்றால் ‘விடுபட்டிருக்கிறது’ என்று சொல்லாமல், ‘அக்காவின் பெயரும் வருமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன்’ என்ற அளவில் நிறுத்துங்கள். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு அது இடம் விடும்.

யாரிடம் சொல்வது? மனைவியிடமா, மூத்த மகனிடமா?

அறிவித்தலை எழுதிக் கொடுத்தவரிடம். அனேகமாக அது மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்காது. அந்த வீட்டில் யாருக்கும் உட்கார்ந்து எழுதும் நிலை இருந்திருக்காது. ஒரு மருமகனோ, பெறாமகனோ, குடும்ப நண்பரோ கைபேசியில் தட்டி அனுப்பியிருப்பார். அறிவித்தலின் கீழே ‘தகவல்’ என்று இருக்கும் பெயரும் ‘தொடர்புகளுக்கு’ என்று இருக்கும் எண்களும் எப்போதும் அவருடையவை அல்ல. குடும்பத்துக்குக் கொஞ்சம் வெளியே இருக்கும் ஒருவரிடம், ‘அறிவித்தல் யார் கொடுத்தது?’ என்று மட்டும் கேட்டால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு காரணம். பத்திரிகையோ இணையத்தளமோ பொதுவாக அறிவித்தலைக் கொடுத்தவருடைய சொல்லை வைத்துத்தான் திருத்தும். யார் யாரோ கேட்பதற்கெல்லாம் திருத்தினால் குடும்பச் சண்டைக்கு அவர்கள் பக்கம் களமாகிவிடும். இரண்டாவது, எழுதியவருக்குத் தனியாகத் தெரிய வந்தால் மற்றவர்கள் கவனிக்கும் முன்பே அவர் சரிசெய்துவிடலாம். நேரே மூத்த மகனிடம் போனால், முதலில் நடப்பது ‘யார் இதை எழுதியது?’ என்ற விசாரணைதான்.

அறிவித்தலுக்குக் கீழே கருத்தாக எழுதவே எழுதாதீர்கள். அஞ்சலி செலுத்த வருகிற ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

சரி, என்ன எழுதி அனுப்புவது?

குறுஞ்செய்தியாக, ஒரே ஒரு ஆளுக்கு, குழுவில் இல்லாமல். இப்போது இருக்கும் வரி, இருக்க வேண்டிய வரி, இரண்டையும் முழுதாக எழுதிக் கொடுங்கள். அவர் செய்ய வேண்டியது ‘சரி’ என்று பதில் போடுவதும் அதை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்புவதும் மட்டும் என்று இருக்க வேண்டும். துக்க வீட்டில் இருப்பவரிடம், ‘மூன்றாவது பந்தியில் உறவுமுறை பிழை, பாருங்கள்’ என்று சொன்னால் அவர் அதைத் தேடி, யோசித்து, திரும்ப எழுத வேண்டும். மன வருத்தம் பாதிக்கு மேல் அங்கேதான் வருகிறது.

இப்படி எழுதலாம்:

‘அண்ணா, பெரியப்பாவின் அறிவித்தல் பார்த்தேன், எல்லோரையும் நினைத்து நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் மட்டும் எழுத்து மாறி வந்துவிட்டது போல. இப்போது: “மாலதியின் பாசமிகு மைத்துனரும்”. வர வேண்டியது: “மாலதியின் பாசமிகு சகோதரரும்”. நீங்கள் சரி என்றால் தளத்துக்கு நானே அறிவித்துவிடுகிறேன். அவசரமில்லை, முடிந்தபோது சொன்னால் போதும்.’

இதில் ‘நீங்கள் பிழையாக எழுதிவிட்டீர்கள்’ என்பது எங்கும் இல்லை. ‘வந்துவிட்டது’ என்று பிழையை யார் தலையிலும் வைக்காமல் சொல்ல நம் மொழியில் எளிதாக முடிகிறது, அதைப் பயன்படுத்துங்கள். ‘அவசரமில்லை’ என்ற வரியை அவசரப் பிழைக்கு எழுதாதீர்கள். அங்கே, ‘ஆட்கள் புறப்படுவதற்கு முன் மாற்றிவிடலாமா?’ என்று காரணத்தோடு நேராகக் கேளுங்கள்.

உயிரோடு இருக்கும் அம்மாவைக் காலஞ்சென்றவர் என்று போட்டுவிட்டார்கள். இதை எப்படிச் சரிசெய்வது?

உறவுமுறைப் பிழைகளில் அடிக்கடி வருவதும் அதிகம் வலிப்பதும் இதுதான். இது எப்படி நேர்கிறது என்று தெரிந்தால் திருத்துவது சுலபம்.

கந்தையா, செல்லம்மா என்று பெற்றோரை வைத்துக்கொள்வோம். கந்தையா இல்லை, செல்லம்மா இருக்கிறார். இப்போது அவர்களுடைய மகன் இறந்துவிட்டார். அறிவித்தலில் வந்தது: ‘காலஞ்சென்றவர்களான கந்தையா செல்லம்மா தம்பதியரின் அன்பு மகனும்’. பழைய அறிவித்தல் ஒன்றை எடுத்து அதில் பெயர்களை மட்டும் மாற்றும்போது இப்படித்தான் ஆகும். முன்பு அந்த இடத்தில் இருந்தவர்கள் இருவருமே இறந்தவர்கள். பெயர் மாறியது, ‘காலஞ்சென்றவர்களான’ அப்படியே தங்கிவிட்டது.

பலர் இதை அவசரமாக, ‘காலஞ்சென்ற கந்தையா, செல்லம்மா தம்பதியரின்’ என்று திருத்துகிறார்கள். எழுதியவர் மனதில் ‘காலஞ்சென்ற’ கந்தையாவுக்கு மட்டும்தான். அறிவித்தல்களைப் படித்துப் பழகியவர்களும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மற்றவர்கள் இருவரையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். ஒரு முறை புண்பட்ட இடத்தில் இரண்டாவது முறையும் சந்தேகம் வரக் கூடாது. ஆகவே உயிரோடு இருப்பவரை முன்னால் கொண்டுவந்து, இருவரையும் பிரித்து எழுதுங்கள்: ‘செல்லம்மா அவர்களினதும், காலஞ்சென்ற கந்தையா அவர்களினதும் அன்பு மகனும்’. இப்போது அந்தச் சொல் பின்னால் வரும் ஒரு பெயரோடு மட்டும்தான் ஒட்டும். வேறு மாதிரிப் படிக்க வழியில்லை.

சகோதரர் பட்டியலிலும் இதே சிக்கல்தான். ‘காலஞ்சென்ற சிவா, மாலா, ரவி ஆகியோரின் சகோதரரும்’ என்றால் இறந்தவர் ஒருவரா, மூவரா? ‘மாலா, ரவி ஆகியோரினதும், காலஞ்சென்ற சிவாவினதும் சகோதரரும்’ என்று மாற்றினால் தீர்ந்தது. வயது வரிசை குலைகிறதே என்று யாராவது கேட்கலாம். வரிசை குலைவது பரவாயில்லை என்பது என் எண்ணம்.

இந்தப் பிழையை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு விடக் கூடாது. முதல் அறிவித்தலைப் பார்த்தவர்கள் ‘அம்மாவும் போய்விட்டாரா?’ என்று கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். திருத்திய அறிவித்தலின் மேலே ‘திருத்தப்பட்ட அறிவித்தல்’ என்று ஒரு வரி இருக்கட்டும். என்ன திருத்தினோம் என்று விளக்காதீர்கள். விளக்கினால், பிழையைப் பார்க்காதவர்களுக்கும் அது தெரிந்துபோகும். அந்த அம்மாவிடம் வீட்டில் ஒருவர் நேரில் சொல்லிவிடுவதும் நல்லது. அவருக்கு வெளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்து தெரிவதைவிட அது மேல்.

என்னை மருமகன் என்று போட்டிருக்கிறார்கள். நான் அவருடைய தங்கையின் மகன். திருத்தச் சொல்லலாமா?

தேவையில்லை. ஓர் ஆணின் மகளைக் கட்டியவரும் அவருக்கு மருமகன், அவருடைய சகோதரியின் மகனும் மருமகன். அறிவித்தலில் இருப்பது சரிதான். ஆனால் பிள்ளைகளின் துணைவர்கள் இருக்கும் அதே வரியில் உங்கள் பெயரும் கலந்து நின்றால், தெரியாதவர்கள் உங்களை வீட்டு மாப்பிள்ளை என்றே நினைப்பார்கள். அப்போது சொல்லை மாற்றச் சொல்லாமல், பெயரைத் தனி வரிக்கு நகர்த்தித் தரும்படி மட்டும் கேளுங்கள்.

பிள்ளைகள் பெயரும் மருமக்கள் பெயரும் எல்லாம் சரி. ஆனால் ஜோடி மாறித் தெரிகிறதே?

படிக்கிறவர்கள் இரண்டு பட்டியலையும் வரிசைக்கு வரிசை பொருத்திப் பார்ப்பதால் வருவது இது. பிள்ளைகள் ரவி, மாலா, குமார். ரவி மணமாகாதவர். மருமக்கள் பட்டியலில் பாலன், சுதா. ரவிக்கு நேரே பாலன் வந்து விழுகிறார், மாலாவுக்கு நேரே சுதா. எழுதியவர் எந்தப் பெயரையும் தவறாக எழுதவில்லை. பிள்ளைகளில் ஒருவர் மணமாகாதவராகவோ துணையை இழந்தவராகவோ இருந்தால் இப்படி நகர்ந்துவிடும்.

பட்டியலுக்குள் பெயர்களை முன்பின்னாக மாற்ற வேண்டாம். ‘ரவி, மாலா – பாலன், குமார் – சுதா’ என்று ஜோடியாக ஒரே வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரவி தனியாக நிற்பது அவருக்குச் சங்கடமாக இருக்கலாம், அதனால் மாற்றுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் பழையபடியே இருக்கட்டும், அதில் உண்மைப் பிழை எதுவும் இல்லை.

திகதியும் கிழமையும் பொருந்தவில்லை. எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊகிக்காதீர்கள். ‘10.03.2024 சனிக்கிழமை’ என்று இருந்தால், அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை என்று நாட்காட்டி சொல்லும். ஆனால் பிழைத்தது 10 என்ற எண்ணா, சனி என்ற சொல்லா என்று நாட்காட்டி சொல்லாது. நிகழ்வு 9ஆம் திகதியா 10ஆம் திகதியா என்பது இறுதிச் சேவையை நடத்துபவர்களிடம் பதிவில் இருக்கும். குடும்பத்தைத் தொந்தரவு செய்யாமல் அவர்களிடமே முதலில் கேட்கலாம். திருத்தும்போது மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 04.05 என்பதை ஒரு நாட்டில் மே 4 என்றும் இன்னொரு நாட்டில் ஏப்ரல் 5 என்றும் படிப்பார்கள், உறவினர்கள் பல நாடுகளில் இருக்கும்போது இது வீண் குழப்பம்.

இறந்த திகதியில் ஒரு நாள் வித்தியாசம் என்றால் பிழை என்று சொல்லும் முன் எந்த நாட்டில் இறந்தார் என்று பாருங்கள். அங்கே சனி இரவாக இருந்த நேரம் நீங்கள் இருக்கும் இடத்தில் ஞாயிறு காலையாக இருந்திருக்கும். இறந்த இடத்துத் திகதியைப் போடுவதுதான் முறை, இறப்புச் சான்றிதழிலும் அதுதான் இருக்கும்.

வயதும் அப்படித்தான். 1946 ஆகஸ்ட் 12 பிறந்து 2024 மார்ச் 10 இறந்தவருக்கு 77 வயது நிறைந்திருக்கிறது, நடப்பது 78. ‘தனது 78ஆவது வயதில்’ என்று குடும்பம் எழுதியிருந்தால் அது பிழையில்லை. திருத்தக் கேட்காதீர்கள்.

பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதற்குப் போய்ச் சொல்ல வேண்டுமா?

இறந்தவருடைய பெயர் என்றால் சொல்லுங்கள். பெயரைத் தட்டித் தேடுகிறவர்களுக்கு அறிவித்தல் கிடைக்காமல் போகும். ஆனால் அவர் தன் பெயரை எப்படி எழுதினார் என்று முதலில் பாருங்கள். ‘இராசையா’, ‘ராசையா’ இரண்டும் வழக்கில் உண்டு. அவர் கையெழுத்தில் இருந்ததுதான் சரி. மற்றவர்களுடைய பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தால், அந்தப் பெயருக்கு உரியவர் கேட்கட்டும்.

இணையத்தில் திருத்தியாயிற்று. ஆனாலும் பகிரும்போது பழையதுதான் வருகிறது, ஏன்?

ஒரே அறிவித்தல் பல இடங்களில் பிரதியாகக் கிடக்கிறது. தளத்தில் மாற்றினால் அந்தப் பக்கம் மட்டும்தான் மாறும்.

முகநூலில் இணைப்பைப் பகிரும்போது தெரியும் படமும் தலைப்பும் முன்பே சேமித்து வைத்தவை. தளத்தை நடத்துபவர் முகநூலின் ‘Sharing Debugger’ பக்கத்தில் அந்த முகவரியை இட்டு ‘Scrape Again’ என்பதை அழுத்தினால் புதிதாக எடுத்துக்கொள்ளும். கூகுள் தேடலில் பழைய வரி தெரிந்தால் ‘Refresh Outdated Content’ என்ற கருவி வழியாக யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இந்த இரண்டும் பக்கம் திருத்தப்பட்ட பிறகுதான் வேலை செய்யும்.

பெரிய சிக்கல் படமாக வடிவமைத்து அனுப்பிய அறிவித்தல். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தளம் மாற்ற முடியாது, வடிவமைத்தவர்தான் மூலக் கோப்பிலிருந்து புதிதாகச் செய்து தர வேண்டும். கைபேசியில் பழைய எழுத்தின் மேல் வெள்ளை பூசிப் புதியதை எழுதாதீர்கள். பூசிய இடம் பளிச்சென்று தெரியும், எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். வட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் மாற்றலாம். எல்லோருக்கும் அழிப்பதற்கு ஏறக்குறைய இரண்டரை நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிய ஒருவர் மற்றவர்களுக்கு அனுப்பிய பிரதியை நீங்கள் அழிக்க முடியாது. பழைய படத்தின் கீழே மறுமொழியாகவே புதிய படத்தை அனுப்பி, ‘இதைப் பகிருங்கள்’ என்று ஒரு வரி சேர்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

பத்திரிகையில் அச்சாகிவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

அச்சானதை மாற்ற முடியாது. நாள், நேரம், இடம் தவறியிருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திய அறிவித்தலை முழுதாகப் போடக் கேளுங்கள். பதிப்பு மூடும் நேரத்தை முதலில் விசாரியுங்கள், அது தாண்டிவிட்டால் தொலைபேசியில் ஒவ்வொருவருக்காகச் சொல்வதுதான் வழி. பிழை நீங்கள் கொடுத்த பிரதியில் இருந்ததா, அச்சுக் கோக்கும்போது வந்ததா என்றும் பாருங்கள். அவர்கள் பக்கப் பிழையென்றால் கட்டணமில்லாமல் மறுபடி போடச் சொல்லிக் கேட்கலாம். அதனால் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.

உறவுமுறைப் பிழைக்குத் தனியாக ஒரு திருத்தப் பெட்டி போடுவதை நான் விரும்புவதில்லை. ‘மைத்துனர் என்பதைச் சகோதரர் என்று திருத்தி வாசிக்கவும்’ என்பது ஒருவருடைய மரணத்தின் பக்கத்தில் நன்றாக இருக்காது. குடும்பம் பின்னர் நன்றி அறிவித்தல் போடும்போது அதில் பெயரையும் உறவையும் சரியாகப் போட்டுவிடலாம். பழையதைத் தேடி எடுப்பவருக்கு அதன் பக்கத்திலேயே சரியானதும் கிடைக்கும்.

நான்தான் எழுதிக் கொடுத்தேன். இப்போது பிழை தெரிகிறது. வீட்டாரிடம் எப்படிச் சொல்வது?

முதலில் தளத்துக்கோ பத்திரிகைக்கோ திருத்தத்தை அனுப்பிவிடுங்கள். அறிவித்தலின் இணைப்பு, பதிவு எண், இருக்கும் வரி, வர வேண்டிய வரி, உங்கள் பெயர், நீங்கள் முதலில் எந்த மின்னஞ்சலில் இருந்து கொடுத்தீர்கள் என்பது, இவ்வளவும் ஒரே செய்தியில் இருந்தால் திரும்பக் கேள்வி வராது. அப்புறம் வீட்டில் ஒருவரிடம், ‘ஒரு பெயர் மாறி வந்திருந்தது, திருத்தச் சொல்லி அனுப்பிவிட்டேன்’ என்று சொல்லுங்கள். நீண்ட மன்னிப்பு கேட்டால் அவர்கள் உங்களைத் தேற்ற வேண்டி வரும்.

வீட்டார் மாற்ற மாட்டோம் என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

அது உங்கள் சொந்தப் பெயர், அல்லது நீங்கள் உயிரோடு இருந்தும் இறந்தவராகக் காட்டப்பட்டது என்றால், நேரடியாக வெளியிட்டவர்களுக்கு எழுதலாம். அடையாளத்தைக் காட்டிக் கேட்டால் அந்த ஒரு சொல்லையாவது நீக்கிவிடப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இறந்த திகதி போல ஆவணம் உள்ள விடயத்துக்கு ஆவணத்தோடு கேட்கலாம்.

யாரை மகன் என்பது, யாரை மனைவி என்பது என்ற இடத்தில் வெளியிட்டவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. மரண அறிவித்தல் வாரிசு யார் என்று நிறுவும் ஆவணம் அல்ல. அதில் பெயர் இல்லாததால் ஒருவருக்குரிய சட்ட உரிமை போய்விடாது. சொத்து விடயம் என்றால் அதற்குரிய அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழையும் உறவைக் காட்டும் பத்திரங்களையும் கொண்டுதான் பேச வேண்டும், சான்றிதழிலேயே பிழை இருந்தால் அதைத் திருத்தும் முறையை இறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் கேட்க வேண்டும். விடுபட்ட கிளையினர் தங்கள் பக்கத்திலிருந்து தனியாக ஓர் அஞ்சலி வெளியிடுவதும் நடக்கிற விடயம்தான். அப்படிச் செய்தால் அதில் மற்றவர்களுடைய அறிவித்தலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இறுதி நிகழ்வு முடிந்த பிறகு வெளியிடுங்கள், முன்னதாக வந்தால் எந்த அறிவித்தலை நம்பி வருவது என்று ஆட்கள் குழம்பிப் போவார்கள்.